ஒரு சன்னலும் ஒரு தெர்மாகோல் அட்டையும்

கேள்வி: காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டில், சன்னலோரம் தரையில் அமர்ந்து அப்பத்தா தேன்குழல் பிழிவதைப் போனில் படம் பிடிக்கிறேன். முகத்தில் பாதி கருத்துப்போகிறது, மோவாய்ப் பக்கம் சிவப்பாகத் தெரிகிறது. விளக்கு வாங்காமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்தச் சிவப்பைப் பார்ப்போம். அது போனின் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், சன்னல் வழியே விழும் வெயில் அதில் பட்டு, அந்த நிறத்தையும் ஏற்றிக்கொண்டு கீழிருந்து முகத்துக்கு எழும்புகிறது. வெயில் விழும் இடத்தில், படச் சட்டத்துக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால், அதே வெளிச்சம் வெள்ளையாகவே திரும்பும். செலவில்லாத முதல் பிரதிபலிப்பான் அதுதான். கூடவே டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள், ஏனெனில் இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் போன் எதை வெள்ளையாகக் கொள்வது என்று தடுமாறும்.

அப்பத்தாவைச் சன்னலிலிருந்து மூன்று, நான்கு அடிக்குள், சன்னல் அவருக்குப் பக்கவாட்டிலும் சற்று முன்னாலும் இருக்குமாறு அமர்த்துங்கள். சன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும். அதை ஈடுகட்ட போன் தானே உணர்திறனை ஏற்றுவதால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தோன்றும். சன்னல் உயரமாக அமைந்து, அவர் தரையில் அமர்ந்தால் கண்குழிகள் கருக்கும். ஒரு மணைப்பலகை போட்டு உயர்த்தினால் அது குறையும். வெயில் நேராக முகத்தில் விழும் நேரமாயின் சன்னல் கம்பிகளில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள்.

இனி கருத்த பாதி. சன்னலுக்கு எதிர்ப்புறம், முகத்திலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சன்னலைப் பார்த்தவாறு நிறுத்தி, மெல்லத் திருப்பிக்கொண்டே போனின் திரையைக் கவனியுங்கள். கருத்த கன்னத்தில் தோலின் சுருக்கங்கள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் நெருக்கினால் இரு கன்னமும் ஒரே அளவு வெளுத்து, முகம் தட்டையாகிவிடும்; அந்தப் பக்கம் சற்று இருண்டே இருப்பதுதான் என் கணக்கில் அழகு. சமையலறை அலுமினியத் தாளை அட்டையில் ஒட்டுவோரும் உண்டு. கசக்கி விரித்து ஒட்டாவிட்டால் அது முகத்தில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும் என்பதால், முகத்துக்கு நான் அதைச் சொல்வதில்லை.

படம் பிடிக்கும் முன் திரையில் அவர் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் வெளிச்ச அளவும் குவியமும் பூட்டிக்கொள்ளும். பிறகு திரையில் தோன்றும் வெளிச்சக் கோட்டைச் சற்றுக் கீழே இழுங்கள். பூட்டாவிட்டால், வெள்ளை மாவு அள்ளிய கை சட்டத்துக்குள் வரும்போதெல்லாம் முகம் இருண்டு மீளும். மேகம் கடந்து வெளிச்சம் மாறினால் மட்டும் மீண்டும் பூட்ட வேண்டும்.

எண்ணெய்ச் சட்டியில் பிழியும் காட்சிக்கு மட்டும் தெர்மாகோலை அருகில் கொண்டுபோகாதீர்கள். அது சூட்டில் உருகும், தீயும் எளிதில் பற்றும். அங்கே வெள்ளைத் தாள் ஒட்டிய பலகையை, அடுப்பிலிருந்து எட்ட, சுவரில் சாய்த்து வைத்தால் போதும்.