இருபத்தொன்றா, பதினேழரையா?

கேள்வி: பி.பார்ம் முடித்து கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். மதுரையில் ஒரு மருந்துக்கடைச் செயினில் மாதம் 21,000 என்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க் வேலைக்கு 17,500 என்கிறார்கள். ஊர் உசிலம்பட்டி, தினமும் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். எதில் சேரலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு ஆஃபர் லெட்டர்களையும் படித்தேன். கடைக்காரர்கள் சொல்லும் 21,000 சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. மருத்துவமனையின் 17,500 பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

கடை லெட்டரைப் பிரித்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 16,400, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 533, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 577. மீதி 2,050 இன்சென்டிவ். அந்த இன்சென்டிவுக்கு முன்னால் ‘அதிகபட்சம்’ என்றொரு வார்த்தை இருக்கிறது, கவனித்தீர்களா? நிறுவனம் குறிப்பிடும் சில பொருட்களை இத்தனை விற்றால்தான் அது வரும். உங்கள் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 123 போக, கைக்கு உறுதியாக வருவது 14,837. மருத்துவமனையில் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 132 போக 15,928 வரும். பெரிய தொகை சொன்ன இடத்தில்தான் கைக்காசு குறைவு.

அடுத்து நேரம். கடையில் காலை 8 முதல் 1 வரை, மாலை 4 முதல் 9 வரை பிரேக் ஷிப்ட். மதுரையிலேயே வீடு இருந்தால் மதியம் போய் ஒரு தூக்கம் போட்டு வரலாம். உசிலம்பட்டிக்காரருக்கு அந்த மூன்று மணி நேரமும் கடையின் பின்னறையில்தான். மாதம் 26 நாளில் வேலை நேரம் மட்டும் 260 மணி, ஆக ஒரு மணிக்கு 57 ரூபாய். மருத்துவமனையில் எட்டரை மணி நேரம் என்று போட்டிருந்தாலும், அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். அப்படியே வைத்தாலும் மணிக்கு 68 ரூபாய்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான் வழக்கமான வேலை. அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். அதைச் சேர்த்தும் வாரம் 54 மணியைத் தாண்டக் கூடாது. இடைவேளையையும் சேர்த்து வேலை நாள் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உங்கள் கடை ஷிப்ட் 13 மணி நேரம் நீள்கிறது, வாரம் 60 மணி ஆகிறது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. “ஒரே ஷிப்டாகக் கொடுங்கள்” என்று கேட்கும்போது உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேட்டால் கிடைக்குமா? கடையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பதிவு பெற்ற பார்மசிஸ்ட் பெயர் இல்லாமல் மருந்துக்கடைக்கு லைசென்ஸ் கிடையாது. டாக்டர் சீட்டில் கொடுக்கும் மருந்துகளை அந்த பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். புதிய கிளை திறப்பவர்களுக்கு அந்தப் பெயர் உடனே தேவைப்படும். ‘விரைவில்’ என்று போர்டு மாட்டியிருக்கும் கடையில் நேரில் போய்க் கேட்பது, ஆன்லைனில் பத்து இடத்துக்கு பயோடேட்டா அனுப்புவதை விடப் பலன் தரும். எந்தக் கடையில் ஆள் நிற்பதில்லை, எங்கே சம்பளம் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் மெடிக்கல் ரெப்புகளுக்கும் மொத்த மருந்து ஸ்டாக்கிஸ்ட்டுகளுக்கும் அத்துப்படி. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

உங்கள் பெயருக்கு இருக்கும் இந்த மதிப்பே ஆபத்தும்கூட. ஒரு கடையை விட்டு வந்தபோது, என் பெயரை அவர்கள் லைசென்ஸிலிருந்து நீக்கவில்லை. அடுத்த இடத்தில் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது, நான் காலெடுத்து வைக்காத கடையில் எனக்குப் பொறுப்பு தொடர்கிறது என்று. அதனால் விலகும்போது ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நகலைப் பகுதி மருந்து ஆய்வாளருக்கும் அனுப்பிவிடுங்கள். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. “வேலைக்கே வர வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு” என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே யாரோ கொடுக்கும் மாத்திரைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டுப்பாடுள்ள மருந்துகளின் விற்பனையைக் குறிக்கும் ஷெட்யூல் ஹெச்1 பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் மறந்த பிறகும் அது பேசும்.

வளர்ச்சி விஷயத்தில் இரண்டு வேலைகளுமே பாதிதான். கடையில் பார்மசிஸ்ட், கிளைப் பொறுப்பாளர், பிறகு பல கிளைகளைப் பார்க்கும் மேலாளர் என்று ஏணி உண்டு. ஆனால் பொறுப்பாளர் ஆனதும் ஸ்டாக் குறைவும் காலாவதிச் சரக்கும் உங்கள் தலையில் விழலாம். “குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களா?” என்று சேரும் முன்பே கேளுங்கள். “இதற்கு முன் இங்கே பொறுப்பாளராக இருந்தவர் இப்போது எங்கே?” என்றும் கேளுங்கள். மேலே போயிருந்தால் ஏணி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறியிருந்தால் புரிந்துகொள்ளலாம்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கற்க நிறைய உண்டு. 2024 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் முடிக்கச் சொல்லியிருக்கிறது. கெடு காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் ஒரு தேதி விட்டுப்போனாலும் கேள்வி வந்து நிற்கும். நோயாளியின் உறவினர் கோபப்படுவது உங்கள் கவுண்டரில்தான். இதில் பழகியவர் பில்லிங், தர மேம்பாடு என்று நகரலாம். ஆனால் நிர்வாகத்தில் மேல் பதவிக்கு மருத்துவமனை நிர்வாகப் படிப்பான எம்.ஹெச்.ஏ. முடித்தவர்களோடு போட்டி போட வேண்டும், உங்கள் பார்மசிப் படிப்பும் சும்மா கிடக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த மருத்துவமனைக்கே போவேன், வேறு நாற்காலி கேட்டு. முதலில் உள்நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் ஐ.பி. பார்மசி, ஒரு வருடத்தில் மருந்துக் கொள்முதல் பிரிவு. வார்டு இன்டென்ட், ரிட்டர்ன், கம்பெனிகளோடு விலை பேசுவது எல்லாம் தெரிந்த பார்மசிஸ்ட்டை எந்த மருத்துவமனையும் சுலபத்தில் விடாது. ஐ.பி. பார்மசி என்றால் நைட் ஷிப்ட் வரும். மாதத்துக்கு எத்தனை, மறுநாள் ஓய்வு உண்டா, இரவில் வண்டி விடுவார்களா என்பதைப் பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அவர்கள் மறுத்தால், டெஸ்க் வேலையை ஏற்று, ஒரு வருடத்தில் பார்மசிக்கு மாற்றம் என்று எழுதிக் கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால், கடை ஒரே ஷிப்டுக்கு இறங்கிவந்தால் மட்டும் கடை. இதற்கிடையே மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளை மாவட்ட இணையதளத்தில் பாருங்கள். அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் பார்மசிஸ்ட் தேர்வு அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் அது வருடா வருடம் வருவதில்லை. அதை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு அந்தக் கடைக்கு வாடிக்கையாளர் போலப் போய் நில்லுங்கள். கவுண்டரில் எத்தனை பேர், கல்லாக் கணக்கு முடித்து ஷட்டர் இறங்க எத்தனை மணி ஆகிறது என்று பாருங்கள். பிறகு அங்கிருந்து பஸ் பிடித்து உசிலம்பட்டி போய்ச் சேரும்போது மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.