ஒருவரா, பலரா? நீ, நீர், நீங்கள் பற்றிச் சில கேள்விகள்

புறநானூற்றில் ராஜாவையே 'நீ' என்றுதான் பாடியிருக்கிறார்கள். அப்படியானால் 'நீங்கள்' மரியாதை எல்லாம் பிற்காலத்தில் யாரோ புகுத்தியதுதானே? (கல்லூரி மாணவி)

முதல் பாதி சரி. சேரனையும் பாண்டியனையும் புலவர்கள் 'நீ', 'நின்' என்று பாடினார்கள், அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. ஒரே ஆளைப் பன்மையில் சொல்லும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே பதிவாகியிருக்கிறது. அந்த நூலின் கிளவியாக்கம் என்ற இயல் அதை 'வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி' என்று ஒத்துக்கொண்டு, கையோடு 'இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல' என்றும் சொல்லிவிடுகிறது. ஜனங்கள் உயர்வு கருதி அப்படிப் பேசுகிறார்கள், ஆனால் இலக்கணக் கணக்கில் அது சேராது என்று அர்த்தம்.

மரியாதைக்கென்று நாம் புதுச்சொல் செய்யவில்லை, பன்மையைத்தான் எடுத்துக் கொடுத்தோம். கொடுத்துக் கொடுத்து அது தேய்ந்தும் போகிறது. 'அவர்' பலரைக் குறித்த சொல். ஒருவருக்கே அது வழங்கிப்போனதும் பலரைச் சொல்ல 'அவர்கள்' வேண்டியிருந்தது. இன்று அழைப்பிதழில் 'தலைவர் அவர்கள்' என்று அதையும் ஒருவருக்கே கொடுத்தாகிவிட்டது.

'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் இல்லை. 'நீ', 'நீங்கள்' வித்தியாசமும் அதேதானே?

இல்லை, அது வேறு விஷயம். இங்கே எண்ணிக்கையும் மரியாதையும் மட்டும்தான்.

எங்க கோயமுத்தூர்ல சின்னப் பிள்ளையக்கூட 'வாங்க கண்ணு'ன்னுதானுங்க கூப்பிடுவோம். மரியாதைன்னா எங்க ஊருதானுங்க?

போட்டிக்கு நான் வரவில்லை! ஆனால் உங்கள் 'ங்க' செய்யும் வேலையைப் பாருங்கள். 'மழை வருதுங்க' என்கிறீர்கள். வருவது மழை, வினையும் அஃறிணை ஒருமைதான். மரியாதை மழைக்கு இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. வாக்கியத்தில் 'நீங்கள்' என்ற சொல்லே வராமல் எதிராளிக்கு மதிப்புப் போய்ச் சேர்கிறது. மற்ற ஊர்களிலும் 'சரிங்க', 'ஆமாங்க' உண்டுதான், கொங்குப் பக்கம் அளவுக்குத் தாராளம் இல்லை.

நான் யாழ்ப்பாணம், மனுசி சென்னை. 'வாரும், இரும்' எண்டு சொன்னால் 'என்ன நாடகமா?' எண்டு சிரிக்கிறா. 'நீர்' மரியாதையோ இல்லையோ?

உங்கள் பக்கம் படி மூன்று: நீ வா, நீர் வாரும், நீங்கள் வாங்கோ. நடுப்படியில் மனைவி, சம வயதுக்காரர், உடன் வேலை செய்பவர் எல்லாரும் அடங்குவார்கள். தமிழ்நாட்டில் தெற்கே திருநெல்வேலி, நாஞ்சில் பக்கம் இன்னும் கொஞ்சம் காதில் விழும். சென்னையில் வளர்ந்தவர் அதைச் சரித்திர நாடகத்தில்தான் கேட்டிருப்பார், சிரிப்பு அதனால்தான். மரியாதையா என்றால், 'நீ'யைவிட மேல் என்பது உறுதி. அது மதிப்பா, இல்லை ஓர் அடி தள்ளி நிற்பதா என்பதில் உங்கள் ஊர்க்காரர்களே ஒரே பதில் சொல்வதில்லை.

*(கேட்டவர்: கோவம் வந்தாலும் நான் 'நீர்' எண்டுதான் பேசுவன். அப்ப அவ சிரிக்கிறேல்லை.)*

பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள் இப்போது எனக்குச் சித்தி. அப்போது 'வாடி, போடி'. இப்போது எதைச் சொல்வது? இதுவரை எதுவும் சொல்லாமலே சமாளிக்கிறேன்.

எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லட்டுமா? 'சாப்பிட்டாச்சா?', 'எப்ப வந்தது?', 'காபி வேணுமா?', 'கிளம்பலாமா?' இவைதானே?

தமிழில் மரியாதை பெயரைவிட வினையின் வாலில்தான் இருக்கிறது. 'நீ', 'நீங்க' இரண்டையும் விழுங்கிவிட்டாலும் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டீங்களா' என்ற வால் காட்டிக்கொடுத்துவிடும். 'ஆச்சு', 'வேணும்', 'லாம்' இவற்றுக்கு அந்த வால் கிடையாது. வேண்டியது உனக்கா உங்களுக்கா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மாட்டிக்கொள்ளும் இடம் ஏவல். அடுப்பில் பால் பொங்குகிறது, 'அணைச்சிடு' என்பதா, 'அணைச்சிடுங்க' என்பதா? 'அணைக்கணுமே' என்று இழுப்பதற்குள் பால் வழிந்துவிடும். 'நேத்து சொன்னியே' என்பதை 'நேத்து சொன்னது என்னாச்சு' என்று திருப்பலாம், ஏவலை அப்படித் திருப்ப முடியாது.

என் யோசனை: நாலு பேர் இருக்கும்போது முறைப்படி 'சித்தி, வாங்க'. இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது எது என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். அங்கேயும் 'ங்க' போட்டால் பழைய சிநேகிதி அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பல வீடுகளில் அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் கூப்பிடுகிறோம், அதற்காக அம்மாவுக்கு மதிப்புக் குறைவு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. குறைவுதான் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

அலுவலகக் கடிதத்தில் 'தாங்கள்' போட்டால் வினை 'வந்தார்களா', 'வந்தீர்களா'?

'வந்தீர்கள்' போடுங்கள். 'தாங்கள்' பிறப்பால் படர்க்கைதான், 'தாங்களே செய்துகொண்டார்கள்' என்பதில் வருவது அதேதான். எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டாமல் பேசுவதற்காக முன்னிலைக்கு வந்து சேர்ந்தது. வினை மட்டும் 'நீங்கள்' உடையதே. சந்தேகமாக இருந்தால் 'தாங்கள் வர வேண்டும்' என்று எழுதுங்கள், அதில் வால் இல்லை.