லைவ் ஸ்ட்ரீமில் ஃப்ரேம் விழாமல் இருக்க எவ்வளவு அப்லோடு வேண்டும்?

கேள்வி: என் லைன் 100 எம்பிபிஎஸ். ட்விட்ச்சில் நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவான பிட்ரேட்டை 6000 கேபிபிஎஸ் வைத்தாலே ஃப்ரேம் விழுகிறது. எப்படி?

பதில்: அந்த 100 அநேகமாக டவுன்லோடு வேகம். ஸ்ட்ரீமுக்கு உதவுவது அப்லோடு மட்டும்தான். அதிலும் ஒரே ஒரு ஸ்பீடு டெஸ்ட்டை நம்பி இறங்க வேண்டாம். டெஸ்ட் பல கனெக்‌ஷன்களைத் திறந்து சில நொடி ஓடி முடிந்துவிடும். ஸ்ட்ரீமோ பொதுவாக ஒரே கனெக்‌ஷனில் மணிக்கணக்கில் போக வேண்டும். நடுவில் சில நொடி வேகம் சரிந்தாலும் அனுப்ப வேண்டியது தேங்கும். தேக்கம் எல்லை தாண்டியதும், ஸ்ட்ரீமை அனுப்பும் மென்பொருளான ஓ.பி.எஸ். ஃப்ரேமைத் தூக்கிப் போட்டுவிடும். நீங்கள் வழக்கமாக லைவ் போகும் நேரத்திலேயே நாலைந்து முறை டெஸ்ட் எடுத்து, அதில் மிகக் குறைந்த எண்ணைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ராத்திரி எடுத்தேன்: 9.1, 8.4, 5.2, 7.8. சராசரி ஏழரைக்கு மேல் வருகிறதே, 6000 வைக்கலாம்தானே?

பதில்: கூடாது. சராசரி நன்றாக இருந்தாலும் ஃப்ரேம் விழுவது அந்த 5.2 வரும் நிமிஷத்தில்தான். அதில் முக்கால் பங்கை மட்டும் ஸ்ட்ரீமுக்கு வையுங்கள்: 3.9 எம்பிபிஎஸ், அதாவது 3900 கேபிபிஎஸ். ஆடியோவுக்கு 160 போனால் 3740 மிஞ்சும். வீடியோ பிட்ரேட் 3700 என்று வையுங்கள். ஒதுக்கிய கால் பங்கு வீண் இல்லை: விளையாட்டின் டேட்டாவும், வீட்டில் மற்றவர்களின் போனும், வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்படும் பாக்கெட்டுகளும் அதில்தான் போகும்.

3700-ல் 1080p60 ஆசை வேண்டாம். ட்விட்ச் அதற்கு 6000 சொல்கிறது. கேமரா வேகமாகத் திரும்பும்போது புல்லும் இலையும் கட்டம் கட்டமாக உடையும். 720p60-க்கு 4500 சொல்கிறார்கள், 3700-லும் பார்க்கும்படி இருக்கும். ரேட் கன்ட்ரோல் `CBR`, கீஃப்ரேம் 2 நொடி.

கேள்வி: வைஃபைதான் வில்லன் என்று கன்சோலுக்குக் கேபிள் போட்டுவிட்டேன். கேப்சர் கார்டு வழியாக ஓ.பி.எஸ். இன்னும் விழுகிறது.

பதில்: வைஃபை மீது சந்தேகப்பட்டது சரி, கேபிள்தான் இடம் மாறிவிட்டது. உங்கள் அமைப்பில் ஸ்ட்ரீமை அனுப்புவது கம்ப்யூட்டர். அதற்குத்தான் முதலில் கேபிள் வேண்டும். பிறகு ஓ.பி.எஸ்.ஸில் `Stats` ஜன்னலைத் திறந்து, எந்த எண் ஏறுகிறது என்று சொல்லுங்கள்.

அவரே: கேபிளை மாற்றிவிட்டேன். `Dropped Frames` இப்போது பூஜ்யம். ஆனால் `Skipped frames due to encoding lag` 4% காட்டுகிறது.

பதில்: அப்படியானால் நெட் பிரச்சினை முடிந்தது. இது வீடியோவைச் சுருக்கும் வேலையில் கம்ப்யூட்டர் திணறுவது. அப்லோடை எவ்வளவு கூட்டினாலும் தீராது. அந்த வேலையைச் செய்யும் என்கோடர், சிபியுவில் ஓடும் `x264` என்று இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடருக்கு மாற்றுங்கள். என்விடியா கார்டு என்றால் `NVENC`. அப்போதும் ஏறினால் ரெசொல்யூஷனைக் குறையுங்கள்.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதற்கு? ஓ.பி.எஸ்.ஸில் `Dynamically change bitrate to manage congestion` டிக் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: நல்ல வசதிதான், நானும் போட்டு வைத்திருக்கிறேன். வேகம் எப்போதாவது சரிந்தால் ஃப்ரேமை விடாமல் பிட்ரேட்டைக் குறைத்துச் சமாளிக்கும். ஆனால் லைன் தாங்காத பிட்ரேட்டை வைத்துவிட்டு இதை நம்பினால் படம் தெளிவதும் மங்குவதுமாக இருக்கும். அதோடு, அப்லோடு முட்ட முட்ட நிறைந்தால் ரவுட்டரில் வரிசை நீண்டு, விளையாட்டின் பிங் எகிறும்.

அவரே: என் விளையாட்டுகள் ஆஃப்லைன். பிங் எனக்குப் பொருட்டில்லை.

பதில்: அப்படியென்றால் உங்களுக்கு ஒத்துவரலாம். ஆன்லைன் ஷூட்டர் ஆடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிஎஸ்5-லிருந்தே நேரடியாக லைவ் போகிறேன். அந்த 3700-ஐ எங்கே டைப் செய்வது?

பதில்: அது மேலே ஓ.பி.எஸ். வைத்திருப்பவருக்குச் சொன்னது. பிஎஸ்5-ல் பிட்ரேட்டைத் தனியாகத் தர முடியாது. ரெசொல்யூஷனையும் ஃப்ரேம் ரேட்டையும்தான் தேர்ந்தெடுக்கலாம். 1080p-யில் திக்கினால் 720p-க்கு இறங்குங்கள். லைவ் நேரத்தில் வீட்டுப் போன்களின் போட்டோ பேக்கப்பை நிறுத்தி வையுங்கள், அப்லோடை ஓசையில்லாமல் தின்பது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: ஆட்கள் பார்க்காமல் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: ட்விட்ச்சில் உண்டு. ஸ்ட்ரீம் கீயின் கடைசியில் இடைவெளி இல்லாமல் இதைச் சேருங்கள்:

```
?bandwidthtest=true
```

சேனல் லைவ் ஆகாது, ஆனால் டேட்டா போகும். ட்விட்ச் இன்ஸ்பெக்டரில் பிட்ரேட் கோடு தெரியும். விளையாட்டையும் ஓட்டியபடி, வழக்கமாக லைவ் போகும் அதே நேரத்தில் அரை மணி நேரம் விடுங்கள். கோடு பள்ளம் விழாமல் போனால் அந்த பிட்ரேட்டை வைத்துக்கொள்ளலாம். பள்ளம் விழுந்தால் 500 குறைத்து மறுபடி பாருங்கள். முடிந்ததும் கீயிலிருந்து அந்த வாலை எடுத்துவிட மறக்க வேண்டாம்.