மட்டக்களப்பு வாவியில் எந்தப் படகுச் சவாரியைத் தெரிவு செய்வது?

கேள்வி: "மட்டக்களப்புக்குக் குடும்பத்துடன் வருகிறோம். சூழலைக் கெடுக்காமலும் ஊர் மக்களுக்குப் பயன் கிடைக்கும்படியும் வாவியில் எப்படிப் போகலாம்?"

இயந்திரப் படகைத் தவிர்த்து, மீனவர் ஒருவர் தாமே துடுப்பு வலிக்கும் தோணியைத் தெரிவு செய்யுங்கள். வாவி ஆழம் குறைந்தது என்பதால், வேகமாகச் செல்லும் இயந்திரப் படகின் அலை அடிச்சேற்றைக் கிளறி, கண்டல் ஓரத்து மண்ணை அரித்து, அங்கே கட்டியிருக்கும் வலைகளையும் குலைத்துவிடுகிறது. தோணியில் இவை எதுவும் நேராது. கூலியும், இடைத்தரகர் இல்லாவிட்டால், முழுமையாக அந்த மீனவரின் கைக்கே போகும். ஆகவே பேசும்போதே தோணி யாருடையது, வலிப்பவர் யார், பணத்தை யாரிடம் கொடுப்பது என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒருவரே விடையாக இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

நான்கு பேர் என்றால் ஒரே தோணியில் நெருக்கி ஏறாமல் இரண்டு தோணிகளைப் பிடியுங்கள். அது பாதுகாப்பானது, இரண்டு வீடுகளுக்கும் அன்றைய வருமானமாகும். காற்று எழுமுன், விடியற்காலையில் புறப்படுவது நல்லது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலில் எதிர்க்காற்றில் துடுப்பு வலிப்பது மிகக் கடினம். கண்டல் மரங்களில் இருக்கும் நீர்க்காகங்கள் கழுத்தை நீட்டி நிலைமாறத் தொடங்கினால் மிக அருகே வந்துவிட்டீர்கள் என்று பொருள். உடனே விலகச் சொல்லுங்கள்.

நிலவுள்ள இரவில் கல்லடிப் பாலத்தருகே பாடும் மீனின் ஒலியைக் கேட்கவும் தோணியே ஏற்றது. துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பதே இங்குள்ள வழக்கம். அருகில் ஓர் இயந்திரம் ஓடினாலும் அந்த ஒலி கேட்காது.