சுற்றோட்டப் பாடத்தில் ஒரு குறுக்கெழுத்து: எழுத்துகள் எங்கே சேரும், எங்கே சேராது

கேள்வி: பத்தாம் வகுப்புக்குத் தமிழ் வழியில் அறிவியல் எடுக்கிறேன். இதயம், இரத்தக் குழாய்கள் வரும் பாடத்தின் கலைச்சொற்களை வைத்து, திருப்புதலுக்கு ஒரு குறுக்கெழுத்து தயாரிக்கப் பார்த்தேன். இணையக் கருவியில் போட்டால் கட்டங்கள் தாறுமாறாக வருகின்றன. கையால் போட்டால் சொற்கள் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கின்றன. என்ன வழி?

இணையக் கருவியை விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. நமக்கு ‘கி’ ஓர் எழுத்து, ஆனால் கணினி அதை ‘க’ ஒன்று, அதன் மேல் விழும் இகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறது. புள்ளிக்கும் அதே கணக்குதான். எக்செலில் A1 கட்டத்தில் ‘வெண்ட்ரிக்கிள்’ என்று தட்டிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் `=LEN(A1)` போட்டுப் பாருங்கள். 14 என்று வரும். நம் கணக்கில் அது 7 எழுத்துதான். கருவி 14 கட்டம் போட்டு, கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனிப் பெட்டி கொடுத்துவிடுகிறது. எந்தக் கருவியாக இருந்தாலும் இந்த ஒரு சொல்லைக் கொடுத்துச் சோதித்தால் போதும். 7 கட்டம் வரவில்லை என்றால் அது நமக்கு ஆகாது.

கையால் போடும்போது சேராததற்குக் காரணம் வேறு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, அதனால் பெரும்பாலும் எந்த இரண்டு சொல்லிலும் ஏதாவது ஒன்று பொதுவாக இருந்துவிடும். நமக்கு 247. ‘த’ இருக்கிற இடத்தில் ‘து’ உட்காராது. அதோடு, உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். புள்ளி எழுத்து முதலில் வராது. ஆகவே ‘ஆரிக்கிள்’ என்ற சொல்லின் ‘ஆ’வை வைத்து இன்னொரு சொல்லைப் பிடிக்க நினைத்தால், அதுவும் ‘ஆ’வில் தொடங்க வேண்டும். ‘பெரிகார்டியம்’ என்பதன் கடைசி ‘ம்’மிலிருந்து எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டால் எங்கே தேடக் கூடாது என்பது தெரிந்துவிடும், வேலை பாதியாகக் குறையும்.

அதனால் முதல் வேலை, சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவது. பன்மை ‘கள்’ளை வெட்டிவிடுங்கள். ‘தமனி’ இருந்தால் ‘பெருந்தமனி’ வேண்டாம், ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுக்கும். ‘இதயம்’, ‘இரத்தம்’ இரண்டையும் நான் எடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள், தவிர எல்லாக் குறிப்பிலும் அவை வந்தே தீரும். பிரித்து எழுதியதும் பொது எழுத்துகள் கண்ணில் படும்: ‘ரி’, ‘கி’, ‘ய’, ‘டோ’, ‘சி’.

இப்போது எக்செலில் கட்டம் போடலாம், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. மிக நீளமான சொல்லை நடுவில் வையுங்கள். வெண்ட்ரிக்கிள் A4 முதல் G4 வரை. இதில் ‘ரி’ D4-இல் வருகிறது. பெரிகார்டியத்தின் இரண்டாம் எழுத்தும் ‘ரி’தான். எனவே அதை D3-இல் தொடங்கி D9 வரை கீழே இறக்குங்கள். ‘கி’ F4-இல் இருக்கிறது. தந்துகி அந்த எழுத்தில் முடிவதால், F1-இலிருந்து இறங்கிவந்து அங்கே நிற்கும். தந்துகியின் ‘த’வைப் பிடித்து அதே F1-இல் தமனியை இடமிருந்து வலமாக வைக்கலாம்.

கீழ்ப்பாதிக்குப் பெரிகார்டியம்தான் முதுகெலும்பு. அதன் ‘ர்’ D6-இல் வருகிறது. நிணநீர் அந்த எழுத்தில் முடியும், ஆகவே A6-இல் தொடங்குங்கள். பெரிகார்டியத்தின் ‘ய’ D8-இல். டயஸ்டோலின் இரண்டாம் எழுத்து அது, C8-இல் தொடங்கினால் G8 வரை போகும். டயஸ்டோலின் ‘டோ’ F8-இல் விழுகிறது. சிஸ்டோலிலும் அதே ‘டோ’ மூன்றாவதாக வருவதால், அது F6 முதல் F9 வரை. அப்புறம் சிஸ்டோலின் ‘சி’யில் தொடங்கி F6, G6-இல் சிரை. இரண்டு எழுத்துச் சொல்லைக் குறுக்கெழுத்தில் நான் பொதுவாகச் சேர்ப்பதில்லை, ஆனால் தமனியும் தந்துகியும் இருக்கும் கட்டத்தில் சிரை இல்லாமல் விடுவது பாடத்துக்குப் பொருந்தாது. சேர்த்துவிடுங்கள்.

8 சொற்கள், 7 சந்திப்புகள். ஒவ்வொரு சொல்லை வைத்த பிறகும் பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள். சந்திக்காத இரண்டு எழுத்து ஒட்டி நின்றால், அங்கே பொருளில்லாத புதுச் சொல் ஒன்று முளைத்திருக்கும். கட்டத்தை நகர்த்தத்தான் வேண்டும். சிஸ்டோலை ‘ஸ்’ஸில் பிடித்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்: அதன் ‘சி’ E7-இல், பெரிகார்டியத்தின் ‘டி’யை ஒட்டி வந்து நின்றிருக்கும்.

எண்களை மேல் வரியிலிருந்து, இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். F1-க்கு 1, D3-க்கு 2, A4-க்கு 3, A6-க்கு 4, F6-க்கு 5, C8-க்கு 6. தமனியும் தந்துகியும் ஒரே கட்டத்தில் தொடங்குவதால் இரண்டுக்கும் எண் 1. சிரைக்கும் சிஸ்டோலுக்கும் எண் 5. வாரப் பத்திரிகைப் போட்டிகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் வரும். கலைச்சொல் பழகும் பிள்ளைக்கு அது வேண்டாம். சொல்லின் எழுத்து வரிசை நேராக மனத்தில் பதியட்டும்.

குறிப்பு எழுதுவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமனிக்கு ‘ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுசெல்வது’ என்று எழுதினால் தவறு. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். ‘இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும், தடித்த சுவருள்ள குழாய்’ என்பதே சரி. சிரைக்கு ‘இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும், மெல்லிய சுவருள்ள குழாய்’. தந்துகிக்கு ‘தமனியையும் சிரையையும் இணைப்பது’ என்று எழுதத்தான் கை போகும். எழுதினால் மற்ற இரண்டு விடைகளையும் அச்சடித்துக் கொடுத்த மாதிரி. ‘ஒரே அடுக்குச் செல்களாலான சுவர், திசுக்களுக்கு ஆக்சிஜன் போவது இதன் வழியே’ என்று மாற்றுங்கள். சிஸ்டோலுக்கும் டயஸ்டோலுக்கும் ‘இதயத் துடிப்பின் ஒரு நிலை’ என்று மட்டும் கொடுக்காதீர்கள். ‘டோ’வும் ‘ல்’லும் இரண்டுக்கும் பொது, கட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்தே ஊகித்துவிடுவார்கள். ஒன்றுக்குச் சுருங்குவதையும் மற்றதற்கு விரிவதையும் கட்டாயம் எழுதுங்கள்.

திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். சந்திப்பில் இருக்கும் எழுத்து தப்பினால் மற்றொரு சொல் இடிக்கும், பிள்ளைக்கே தெரிந்துவிடும். தனியாக நிற்கும் எழுத்துக்கு அந்தக் காவல் இல்லை. இந்தக் கட்டத்தில் தமனியின் ‘னி’யும் வெண்ட்ரிக்கிளின் ‘ண்’ணும் அப்படித் தனியாக நிற்கின்றன. ‘தமணி’ என்றும் ‘வென்ட்ரிக்கிள்’ என்றும் எழுதினாலும் கட்டம் அழகாக நிரம்பிவிடும். அந்த இரண்டு கட்டத்தையும் எல்லாத் தாளிலும் நீங்களே பார்த்துவிடுங்கள்.