சிரிஞ்சுக்குள் அடைபட்ட காற்றும் இடம் மாறிய பூஜ்யமும்

அன்புள்ள ஐயா,

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். மண்டபம் பக்கம் எங்கள் ஊர். பாயில் விதியைச் செய்து பார்க்க 10 மி.லி. சிரிஞ்சில் 10 வரை காற்று இழுத்து, முனையை எம்-சீல் வைத்து அடைத்தேன். நிமிர்த்தி நிறுத்தி, பிஸ்டன் தலையில் எடைக்கல் வைத்தேன். 1 கிலோவுக்கு 6.5, 2 கிலோவுக்கு 4.8, 3 கிலோவுக்கு 3.8 மி.லி. வந்தது. எடையை இரண்டு மடங்காக்கினால் கன அளவு பாதியாக வேண்டாமா? எடையையும் கன அளவையும் பெருக்கினால் ஒரே எண் வர வேண்டும், ஆனால் 6.5, 9.6, 11.4 என்று ஏறிக்கொண்டே போகிறது. எடையே வைக்காதபோது பூஜ்யம் வருகிறது. நான் எங்கே தவறு செய்தேன்?

*

அன்புள்ள மாணவிக்கு,

உன் அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. கடைசியில் நீ எழுதிய பூஜ்யத்தில்தான் விஷயம் இருக்கிறது. எடை வைக்காதபோது அழுத்தம் பூஜ்யம் என்றால், உள்ளே இருக்கும் காற்றைத் தடுத்து நிறுத்த ஏதும் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் பிஸ்டன் மேலே எகிறிப் போயிருக்க வேண்டும். அது 10இல் அமைதியாக நின்றது. காரணம், நீ கல் வைப்பதற்கு முன்பே வெளிக்காற்று அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. உன் கணக்கில் அந்தச் சுமையைச் சேர்க்கவில்லை.

அது எவ்வளவு? சிரிஞ்சை வைத்தே கண்டுபிடிக்கலாம். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை ஸ்கேலால் அள. 5.6 செ.மீ. என்று வைத்துக்கொள். 10 கன செ.மீ.யை 5.6ஆல் வகுத்தால் பிஸ்டனின் பரப்பு சுமார் 1.79 சதுர செ.மீ. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் காற்று அழுத்துவது ஏறக்குறைய 1.03 கிலோ எடைக்குச் சமம். பெருக்கினால் ஏறக்குறைய 1.85 கிலோ வருகிறது. பிஸ்டன் மேல் முதலிலிருந்தே இருந்த சுமை அது. பரப்பு மாறாததால் அழுத்தத்துக்குப் பதிலாகக் கிலோவையே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது திரும்பப் பெருக்கிப் பார்.

எடை இல்லாமல்: 1.85 × 10 = 18.5
1 கிலோ: 2.85 × 6.5 = 18.5
2 கிலோ: 3.85 × 4.8 = 18.5
3 கிலோ: 4.85 × 3.8 = 18.4

நான் உன் எண்களை எதிலும் தொடவில்லை. காற்றின் சுமையைச் சேர்த்தேன், அவ்வளவுதான். ராபர்ட் பாயிலும் 1662இல் வெளியிட்ட அட்டவணையில் இதைத்தான் செய்தார். வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி, அதன் உயரத்தோடு ஒவ்வொரு வரியிலும் 29 அங்குலத்துக்குச் சற்று மேலான வளிமண்டல அளவைக் கூட்டிக்கொண்டார்.

உங்கள் கரையில் இதை உடம்பால் அறிந்தவர்கள் உண்டு. சங்கு குளிப்பவர் மூச்சடக்கி 10 மீட்டர் இறங்கினால் கடல்நீரின் சுமை ஏறக்குறைய இன்னொரு வளிமண்டலம். மேலே இருந்தது ஒன்று, இப்போது இரண்டு. நெஞ்சிலிருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் ஆழம் இரட்டிப்பாகிவிட்டதே என்று கால்வாசி ஆகாது. அங்கே அழுத்தம் மூன்று, காற்று மூன்றில் ஒரு பங்கு. நீ கல்லை இரட்டித்தது போலத்தான் ஆழத்தை இரட்டிப்பதும்.

சரி, 1.03 என்ற எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது தெரியாவிட்டால்? உன் வரைபடமே சொல்லும், அதனால்தான் இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும். எடைக்கு எதிராகக் கன அளவு V வரைந்தால் இறங்கிக்கொண்டே போகும் வளைகோடு கிடைக்கும். ஒரு வளைகோட்டைப் பார்த்து அது பாயில் சொன்ன வளைவுதானா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. அதனால் 1/V வரை. உனக்கு 0.100, 0.154, 0.208, 0.263 வரும். ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 0.054 கூடுகிறது, ஆகவே நேர்கோடு. ஆனால் அது ஆதிப்புள்ளி வழியே போகாது. பல பிள்ளைகள் இங்கே பயந்துபோய், ஸ்கேலை வளைத்து வைத்தாவது ஆதிப்புள்ளியைத் தொட வைப்பார்கள். அப்படிச் செய்யாதே. வரைபடத்தாளில் இடது பக்கம் தாராளமாக இடம் விட்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டு. அது எடை அச்சை –1.85 கிலோவில் வெட்டும். அதைப் பரப்பால் வகுத்தால் மண்டபத்துக் காற்றின் அழுத்தத்தை ஒரு சிரிஞ்சும் எடைக்கல்லும் வைத்து நீயே அளந்துவிட்டாய். பிஸ்டன் மேல் பலகை வைத்திருந்தால் அதன் எடையையும் கல்லோடு சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் அந்த எடையும் காற்றின் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம், அடுத்த முறை செய்யும்போது புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக வராமல் போகலாம். பெரும்பாலும் ரப்பர் உரசிப் பிடிப்பதுதான் காரணம். கல்லை வைத்ததும் பிஸ்டனை லேசாகக் கீழே அழுத்தி விட்டு ஓர் அளவும், லேசாக மேலே தூக்கி விட்டு ஓர் அளவும் எடுத்துச் சராசரி போடு. சட்டென்று அழுத்தினால் காற்று சூடாகும், அதனால் ஒரு நிமிடம் பொறுத்துப் படி.

இரண்டாவது கசிவு. கல்லையெல்லாம் எடுத்தபின் பிஸ்டன் 10க்கு வராமல் 9.5இல் நின்றால் உடனே கசிவு என்று முடிவு கட்டிவிடாதே. சற்று மேலே இழுத்து விட்டுப் பார். இழுத்து விட்டபின் 10இல் நின்றால் உரசல்தான், மறுபடி 9.5க்கே இறங்கினால் காற்று வெளியேறியிருக்கிறது. PV = nRT இல் n, அதாவது அடைபட்ட காற்றின் அளவு, குறைந்துவிட்டது என்பதன் பொருள் இதுதான். உன் 18.5 உண்மையில் nRTக்கு நேர் விகிதத்தில் இருப்பதுதான், முனையை அடைப்பது n மாறாமல் இருக்கத்தான்.

முனைக்குள் கோடு போடாத இடத்திலும் கொஞ்சம் காற்று இருக்கும், 0.1 மி.லி. போல. 10இல் அது தெரியாது, 3.8இல் அது கிட்டத்தட்ட 3 சதவீதம். அதனால் எடை கூடக்கூட 1/V கோடு சற்று மேல்நோக்கி வளையும். அதைப் பார்த்துவிட்டு, காற்று நல்லியல்பு வாயு இல்லை, அதனால்தான் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடாதே. இரண்டரை வளிமண்டல அழுத்தத்தில் காற்று விதியிலிருந்து விலகுவது சிரிஞ்சில் தெரியாத அளவு சிறியது.

P உம் n உம் மாறாமலிருந்து வெப்பநிலை T மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சிரிஞ்சு போதும். கல் எதுவும் வேண்டாம். 30 டிகிரி நீரில் காற்று 9.0 மி.லி. இருக்கும்படி அடைத்து, 60 டிகிரி நீரில் முழுக வை. ஐந்து நிமிடம் கழித்து ஏறக்குறைய 9.9 காட்டும். வெந்நீரைப் பெரியவர் யாராவது ஊற்றட்டும். 30 டிகிரிக்கு 0.9 மி.லி. கூடினால் 9 மி.லி. முழுவதும் இல்லாமல் போக 300 டிகிரி இறங்க வேண்டும், அதாவது –270 டிகிரி செல்சியஸ். புத்தகத்தில் –273 என்று இருக்கும். இங்கேயும் கோடு ஆதிப்புள்ளியை விட்டு இடதுபக்கம் போய் வெட்டுகிறது. செல்சியஸின் பூஜ்யம் பனிக்கட்டி உருகும் இடத்தில் நாம் வைத்துக்கொண்டது, உன் எடைக்கல்லின் பூஜ்யம் போலவே.

ஆனால் இந்த இரண்டாவது எண்ணை அந்த அளவுக்கு நம்பாதே. 9.9க்குப் பதில் 9.8 என்று படித்துவிட்டால் விடை –307 ஆகிவிடும், 10.0 என்று படித்தால் –240. 30 டிகிரி அகலமுள்ள அளவுகளை வைத்து 300 டிகிரி தூரம் கோட்டை நீட்டுகிறோம். காற்றழுத்தச் சோதனையில் 3 கிலோ அகலத்துக்கு 1.85 மட்டுமே நீட்டினோம். ஐஸ் கட்டி கிடைத்தால் 0 டிகிரியிலும் ஓர் அளவு எடு, அகலம் இரட்டிப்பாகும். அங்கே 8.1 வர வேண்டும்.