மேல் வரியைப் பார்க்கச் சொல்லும் சொற்கள்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நூலகத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையின் குறிப்புப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வந்தேன், கீழே இணைத்திருக்கிறேன். அதில் 'எல்பிட்' என்ற ஆசிரியர் நான்கு இடங்களில் வருகிறார். நூலகப் பட்டியலில் தேடினால் அந்தப் பெயரில் ஒரு புத்தகமும் இல்லை. எட் அல், ஆப் சிட் என்பவையும் புரியவில்லை. யாராவது வரிவரியாக விளக்க முடியுமா?

பதில்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் எழுத்துகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. அந்த எட்டு வரிகளை அப்படியே தட்டச்சு செய்து வைக்கிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து படியுங்கள்.

```
12. Ibid., p. 19.
13. Thomas S. Kuhn, The Structure of Scientific
    Revolutions (Chicago, 1962), p. 10.
14. Ibid.
15. Ibid., p. 52.
16. J. D. Watson and F. H. C. Crick, Nature 171 (1953), p. 737.
17. Ibid., p. 738.
18. Kuhn, op. cit., p. 77.
19. B. P. Abbott et al., Phys. Rev. Lett. 116 (2016), 061102.
```

முதலில் 'எல்பிட்'. பல அச்செழுத்துகளில் ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் ஒரே கோடாகத்தான் தெரியும். நீங்கள் எல் என்று படித்தது ஐ. அந்தச் சொல் இபிட். அது ஆளின் பெயரன்று. 'அதே இடத்தில்' என்று பொருள்படும் இபிடெம் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். தமிழ் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் 'மேலது, ப. 45' என்று பார்த்திருப்பீர்கள். அந்த மேலதுதான் இது. என்னைக் கேட்டால் லத்தீன் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்லே வேலையைச் சரியாகச் சொல்கிறது: மேலே இருப்பது எதுவோ, அது.

எவ்வளவு மேலே என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இபிட் தனக்கு நேர் மேலே உள்ள ஒரே ஒரு குறிப்பைத்தான் சுட்டும். 14ஆம் வரியில் இபிட் மட்டும் தனியாக நிற்கிறது. அப்படியென்றால் 13இல் சொன்ன அதே நூல், அதே 10ஆம் பக்கம். 15இல் அதன் பின்னால் 52 என்று பக்க எண் வருவதால், நூல் அதுவே, பக்கம் மட்டும் வேறு. 17க்கு வரும்போது கவனம் வேண்டும். 14, 15 இரண்டிலும் வந்த இபிட் 13இல் உள்ள கூனின் நூலையே குறித்ததால், இதையும் கூன் என்று எடுத்துக்கொள்ளக் கை நீளும். ஆனால் இடையில் 16ஆம் வரி வந்துவிட்டது. ஆகவே 17 என்பது வாட்சனும் கிரிக்கும் 'நேச்சர்' இதழில் 1953இல் எழுதிய கட்டுரையின் 738ஆம் பக்கம். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை முன்வைத்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரை 737, 738 என்ற இரண்டு பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. பக்க எண் அதற்குள் பொருந்துவதால் நாம் சரியாகத்தான் படித்தோம் என்று உறுதி செய்துகொள்ளலாம். 16இல் உள்ள 171 பக்க எண்ணன்று, இதழின் தொகுதி எண்.

இனி 18. அங்கே மறுபடி கூன் வருகிறார். ஆனால் நேர் மேலே வாட்சன், கிரிக் இருப்பதால் இபிட் போட முடியாது. அதற்காகத்தான் பெயரை எழுதி ஆப் சிட் சேர்த்திருக்கிறார்கள். 'முன்பு சுட்டிய நூலில்' என்று பொருள். இதைக் கண்டால் பட்டியலில் மேல்நோக்கிப் போய், அந்த ஆசிரியரின் பெயர் முழு விவரத்துடன் எங்கே முதலில் வருகிறது என்று தேட வேண்டும். இங்கே ஐந்து வரி மேலே, 13இல் கிடைத்துவிடுகிறது. நீண்ட நூல்களில் இது அறுபது எழுபது குறிப்புகளுக்கு முன்னால் இருக்கும். அதே ஆசிரியரின் இரண்டு நூல்கள் பட்டியலில் இருந்தால் ஆப் சிட் எதைக் குறிக்கிறது என்று சொல்லவே முடியாது. அந்த இடத்தில் தவறு வாசகருடையதன்று, எழுதியவருடையது.

இப்போது உங்கள் படத்தின் உண்மையான சிக்கலைப் பாருங்கள். முதல் வரியே, 12ஆம் குறிப்பே, இபிட். அதற்கு மேலே இருக்க வேண்டிய 11ஆம் குறிப்பு முந்தைய பக்கத்தில் தங்கிவிட்டது. படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த ஒரு வரிக்கு விடை கிடைக்காது. மறுபடி நூலகம் போகும்போது முந்தைய பக்கத்தையும் எடுத்து வாருங்கள். 11உம் இபிட்டாக இருந்தால், முழு விவரம் உள்ள குறிப்பு வரும் வரை மேலே ஏறிக்கொண்டே போங்கள். ஒருவேளை 11இல் அரைப்புள்ளியிட்டு இரண்டு நூல்கள் இருந்தால், 12 இரண்டில் எதைச் சொல்கிறது என்ற குழப்பம் வரும். பழகிய எழுத்தாளர்கள் அந்த இடத்தில் இபிட் எழுத மாட்டார்கள். எழுதியிருந்தால், 19ஆம் பக்கம் என்பது இரண்டில் எதற்குப் பொருந்தும் என்று திறந்து பார்ப்பதுதான் வழி. பக்கங்கள் 200இல் தொடங்கும் கட்டுரைக்குள் 19ஆம் பக்கம் இருக்க முடியாது அல்லவா? பாதி நேரம் இந்தக் கணக்கே முடிச்சை அவிழ்த்துவிடும்.

இபிட் இருப்பதே இன்னொரு செய்தியையும் சொல்கிறது. நீங்கள் எடுத்தது அகரவரிசையில் அடுக்கிய துணைநூற்பட்டியல் அன்று. கட்டுரைக்குள் மேலெழுத்தாக வரும் சிறிய எண்களின் வரிசையில் அமைந்த குறிப்புகள். அகரவரிசைப் பட்டியலில் 'மேலது' என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே 15ஆம் குறிப்பு எந்தக் கருத்துக்கு ஆதாரமாக நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், கட்டுரையின் உடலில் சிறிய 15 எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்திருந்தால் நல்லது.

கடைசி வரியில் இருக்கும் எட் அல் இவற்றோடு சேராத தனி இனம். இது மேல் வரியைப் பார்க்கச் சொல்வதில்லை. 'மற்றும் பிறர்' என்பதுதான் பொருள். முதல் சொல்லான எட் முழுச் சொல், ஆகவே அதற்குப் புள்ளி கிடையாது. அல் என்பது அலீ முதலான வடிவங்களின் சுருக்கம், ஆகவே புள்ளி உண்டு. மாணவர்கள் இரண்டுக்கும் புள்ளி வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த 'பிறர்' எத்தனை பேர் என்பதை வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. 19ஆம் குறிப்பு, இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைகளை நேரடியாகக் கண்டறிந்ததாக 2016இல் அறிவித்த கட்டுரை. அதன் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேரையும் இரண்டு சின்னச் சொற்கள் தாங்கி நிற்கின்றன. அபட் என்ற பெயர் முன்னால் நிற்பதைக் கண்டு அவரே தலைவர் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் உள்ளன. உயிரியல் போன்ற துறைகளில் முதல் பெயர் பெரும்பாலும் அதிக வேலை செய்தவருடையதாக இருக்கும். பெரிய இயற்பியல் கூட்டுத் திட்டங்களில் அப்படிக் கொள்ள முடியாது. 'அபட் கண்டுபிடித்தார்' என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள், 'அபட் முதலியோர் கண்டறிந்தனர்' என்று பன்மையில் எழுதுங்கள். 061102 என்பதும் பக்க எண்ணன்று, இணையக் காலத்து இதழ்கள் கட்டுரைக்குத் தரும் எண். முழுப் பெயர்ப் பட்டியல் வேண்டுமானால் இந்த முகவரியைத் தட்டுங்கள்:

```
https://doi.org/10.1103/PhysRevLett.116.061102
```

எத்தனை பேர் இருந்தால் எட் அல் போடலாம் என்பது, உங்கள் துறை பின்பற்றும் நடையைப் பொறுத்தது. ஏ.பி.ஏ. நடையின் ஏழாம் பதிப்பில், மூன்று ஆசிரியர்களோ அதற்கு மேலோ இருந்தால் கட்டுரைக்குள் முதல் முறை சுட்டும்போதே எட் அல் வந்துவிடும். ஆனால் கடைசியில் வரும் பட்டியலில் இருபது பேர் வரை எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டும். அதனால் ஒரே கட்டுரையில் உள்ளே ஒரு பெயரும் கடைசியில் பத்துப் பெயரும் இருந்தால், அவை இரண்டு வேறு ஆதாரங்கள் என்று மிரள வேண்டாம்.

உங்கள் சொந்தக் கட்டுரைக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது. என் முதுகலை ஆய்வேட்டில் அடிக்குறிப்புகளை எழுத எழுதவே இபிட் போட்டுக்கொண்டு போனேன். சமர்ப்பிக்கும் வாரத்தில் நெறியாளர் ஒரு பத்தியில் புதிய மேற்கோள் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். எண்களை மென்பொருள் தானாக மாற்றிக்கொண்டது. இபிட்டை மாற்ற அதற்குத் தெரியவில்லை. புதிய குறிப்புக்குக் கீழே இருந்த மூன்று இபிட்டும் வேறொருவரின் நூலைச் சுட்டத் தொடங்கிவிட்டன. ஒருவர் சொன்ன கருத்து இன்னொருவர் தலையில் ஏறியது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'இந்த நூலுக்கு இத்தனை பக்கமே கிடையாதே' என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அறையின் அமைதி இன்றும் நினைவில் இருக்கிறது.

அதனால் வரைவு நிலையில் இபிட்டைத் தொடாதீர்கள். முதல் முறை முழு விவரம், அடுத்த முறையிலிருந்து ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்க எண். கூனுக்கு இப்படி:

```
Kuhn, Structure, p. 52.
```

இடையில் எத்தனை குறிப்புகள் புகுந்தாலும் இந்த வரி இடம் மாறாமல் தன் நூலையே சுட்டும். குறிப்பு எழுதும் விதிகளைத் தரும் சிகாகோ கையேடும் 2017இல் வந்த 17ஆம் பதிப்பில் இபிட்டைத் தவிர்த்து இந்தச் சுருக்க வடிவத்தையே பரிந்துரைக்கிறது. உங்கள் துறை இபிட்டைக் கட்டாயமாக்கினால், எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு கடைசி நாளில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்திலிருந்து நோட்டில் எழுதும்போதும் இதையே செய்யுங்கள். 15ஆம் வரியை 'இபிட், 52' என்று நகலெடுத்து வைத்தால், இரண்டு மாதம் கழித்து அது உங்களுக்கே புதிராகிவிடும். இன்றே 'கூன், 1962, ப. 52' என்று விரித்து எழுதுங்கள். 12ஆம் வரிக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். முந்தைய பக்கத்தின் படம் கிடைத்ததும் இங்கேயே இணையுங்கள், அதையும் சேர்ந்து பார்த்துவிடலாம்.